குளிர்பதனக் கிடங்கின் சந்தை அளவு: டன்னும் டன்-மாதமும் குழம்பும் இடம்

குளிர்பதனக் கிடங்குக்கான சந்தைக் கணக்குகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு ஒன்று உண்டு. கிடங்குக்குள் வந்துபோகும் சரக்கின் அளவும், சரக்கு அங்கே இடம் பிடித்திருக்கும் காலமும் ஒன்றாகக் கலந்துவிடும். கிடங்கு விற்பது இடத்தையும் நாட்களையும்தான். ஒரு டன் சரக்கு ஒரு மாதம் உள்ளே இருந்தால் அது ஒரு டன்-மாதம். அதனால் மொத்த விளைச்சலில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வரும் டாப்-டவுன், வாடிக்கையாளர்களிடம் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகும் பாட்டம்-அப் என்று எந்த வழியில் போனாலும், கணக்கு டன்னிலா டன்-மாதத்திலா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஒரு கற்பனை வட்டாரத்தை வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு முறை 1,00,000 டன் உருளைக்கிழங்கு அறுவடை. அதில் 60,000 டன் சில வாரங்களிலேயே விற்றுப்போகிறது. மீதி 40,000 டன்னை 12 மாதத்தால் பெருக்கி, 4,80,000 டன்-மாதச் சந்தை என்று திட்ட அறிக்கையில் போட்டுவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, அந்த 40,000 டன்னில் 15,000 டன் பதப்படுத்தும் ஆலைகளின் சொந்தக் குளிர் அறைகளுக்குப் போகிறது. அது யாருக்கும் வாடகை தராத சரக்கு. மிஞ்சுவது 25,000 டன். இரண்டாவது, எந்தக் கிழங்கும் 12 மாதம் உள்ளே இருப்பதில்லை. அறுவடையின்போது ஒரேயடியாக உள்ளே வந்து, 6 மாதத்தில் சீராக வெளியேறினால், ஒவ்வொரு டன்னும் சராசரியாக 3 மாதம்தான் இருக்கும். ஆக 75,000 டன்-மாதம். முதலில் சொன்னதில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை.

இதில் ஒரு சின்ன விலக்கு. விளைபொருள் கிடங்குகள் பலவற்றில் கட்டணம் பருவத்துக்கு மூட்டைக் கணக்கில் இருக்கும். அங்கே வருமானத்துக்கு டன்னே போதும், மாதம் தேவையில்லை. சரக்கை அடுக்கும் பலகைத் தட்டான பாலெட்டுக்கு நாள் வாடகை வாங்கும் கிடங்கு என்றால் நாட்கள் கட்டாயம் வேண்டும். கட்டண முறை தெரியாமல் அலகைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சரி, இப்போது கீழிருந்து வருவோம். வட்டாரத்தில் 400 வியாபாரிகள், விவசாயிகள் இருப்பு வைக்கக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் கண்ணில் பட்ட 20 பேரைக் கேட்டால், சராசரியாக 150 டன் என்கிறார்கள். 400-ஆல் பெருக்கினால் 60,000 டன்! சேமிக்க இருக்கும் மொத்தக் கிழங்கே அவ்வளவு இல்லை. சந்தையில் எளிதாகக் கிடைப்பவர்கள் பெரிய கைகள் என்பதுதான் கோளாறு. பிரித்துப் பார்த்தால் பெரியவர்கள் 60 பேர், 9,000 டன். மற்ற 340 பேரைத் தனியாகக் கேட்டால், இருப்பே வைக்காதவர்களையும் சேர்த்து சராசரி 20 டன், அதாவது 6,800. மொத்தம் 15,800 டன்.

கேட்கும் விதமும் முக்கியம். “கிடங்கு வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்றால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. “போன பருவத்தில் எத்தனை மூட்டை வைத்தீர்கள், எங்கே, எப்போது எடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். ரசீது இருந்தால் இன்னும் நல்லது.

மேலிருந்து 25,000, கீழிருந்து 15,800. இங்கேதான் பலர் சேமிப்பு விகிதத்தைச் சற்று மாற்றி இரண்டையும் 20,000-க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். என் பார்வையில் முழு வேலையிலும் மோசமான தவறு இதுதான். அந்த 9,200 டன் வித்தியாசம் ஒரு கேள்வி: அவ்வளவு கிழங்கும் எங்கே போகிறது? நம் வட்டாரத்தில் தேடிப் பார்த்ததில் 6,000 டன் காற்றோட்டமுள்ள சாதாரணக் கொட்டகைகளில் சில வாரம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது குளிருக்குக் காசு தராது. மீதி 3,200 டன் லாரியேறி வெளிவட்டாரக் கிடங்குகளுக்குப் போகிறது; அது பக்கத்திலேயே இடம் கிடைத்தால் வரக்கூடிய சரக்கு. ஆக 19,000 டன், 57,000 டன்-மாதம்.

அப்புறம், இந்த எண்ணை அப்படியே கிடங்கின் கொள்ளளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 19,000 டன் கிடங்கு கட்டினால் ஆண்டுக்கு 2,28,000 டன்-மாத இடம். நிரம்புவது 57,000, கால் பங்கு. காலியான மாதங்களில் உறைந்த உணவை வைத்து ஈடுகட்டலாம் என்பது காகிதத்தில் சுலபம். உறைந்த உணவுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். கிழங்கு அறையின் வெப்பக் காப்பும் குளிரூட்டும் இயந்திரமும் அதற்காகப் போடப்பட்டவை அல்ல. கிழங்குக்குள்ளேயே கூட விதைக்கு 2 முதல் 4 டிகிரி என்றால், வறுவலுக்குப் போவதற்கு அதைவிடச் சூடான அறை தேவை. அதிகக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருத்துவிடும். ஆகவே மேலிருந்து, கீழிருந்து என்ற இரண்டு கணக்கையும் வெப்பநிலை வாரியாகத் தனித்தனியே போட்டு, ஒவ்வொன்றின் உச்ச மாதத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.