பழைய ஷூவின் அடியைப் படம் எடுத்துப் புது ஷூ தேர்வு செய்கிறீர்களா?

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். 700 கிலோமீட்டர் ஓடிய ஷூ ஜோடி, அடிப்பகுதி மேலே தெரியும்படி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு குதிகாலிலும் ஜோடியின் நடுவை ஒட்டிய ஓரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. "கால் உள்பக்கம் சாயுது போல, ஸ்டெபிலிட்டி ஷூ வாங்கிடவா?" என்று கேட்டார். பாதம் அதிகமாக உள்பக்கம் சாயாமல் தாங்கிப் பிடிக்கும்படி செய்த ஷூ அது.

முதல் தவறு இதுதான். இடது ஷூவை இடப்பக்கமும் வலது ஷூவை வலப்பக்கமும் வைத்து, இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் கவிழ்த்தால், கட்டைவிரல் பக்கம் வெளியே போய்விடும், சுண்டுவிரல் பக்கம் நடுவுக்கு வந்துவிடும். படத்தில் உள்பக்கமாகத் தெரிந்தது உண்மையில் வெளிப்பக்கம். சந்தேகம் வந்தால் அடியின் நடுவில் ஷூ குறுகும் இடுப்பைப் பாருங்கள், அதிகம் குழிந்திருப்பது பாதத்தின் உள்பக்கம். படம் எடுக்கும் முன் ஒவ்வொரு அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 'இ', 'வ' என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

சரி, வெளிப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் கால் வெளியே சாய்கிறதா? இது இரண்டாவது தவறு, கடைக்காரர்களும் செய்வது. குதிகாலில் இறங்கி ஓடும் பெரும்பாலோருக்கு அந்த ஓரம்தான் முதலில் தேயும். ஓடும்போது கால் உடம்பின் நடுக்கோட்டை நோக்கி வந்து இறங்குவதால், வெளி ஓரம் முதலில் தரையில் உரசுகிறது. அதற்குப் பிறகுதான் பாதம் உள்பக்கம் உருளும். அந்த நேரத்தில் அடி தரையில் பதிந்துவிடுவதால் உரசல் குறைவு. உள்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைக் குதிகால் தேய்மானம் சொல்லாது. குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை வெளி ஓரம் முழுக்கத் தேய்ந்து, கட்டைவிரலுக்குக் கீழே ரப்பர் புதிதாகவே இருந்தால் மட்டும் வெளிச்சாய்வைச் சந்தேகிக்கலாம்.

உள்சாய்வுக்கு அடியை விடப் பின்பக்கப் படமே உதவும். சமமான மேசையில் ஷூவை வைத்து, கேமராவை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பின்னாலிருந்து எடுங்கள். குதிகால் கூடு உள்ளே சாய்ந்து, உள்பக்க ஃபோமில் மட்டும் சுருக்கம் விழுந்திருந்தால் அது ஒரு தடயம். அதையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், போட்டு ஓடிப் பார்க்கும்போது காலுக்கு எப்படி இருக்கிறது என்பதே பெரிய விஷயம். அடியைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், மேடு பள்ளம் மறைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

அப்புறம், அந்த ஷூ ஓட்டத்துக்கு மட்டும்தான் பயன்பட்டதா என்று கேளுங்கள். நண்பரின் இடது ஷூ நுனியின் மேல்புறம் ஒரு கறுப்புத் தழும்பு இருந்தது. விரலைத் தூக்கி வைக்கத் தெரியாத ஓட்டம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பைக்கின் கியர் லீவர் பட்ட தடம் அது.

பின்பக்கப் படத்தில் இரண்டு கூடுகளும் நேராக நின்றன. வலி எதுவும் இல்லை என்றார். ஸ்டெபிலிட்டி ஷூவைக் கார்ட்டிலிருந்து நீக்கிவிட்டு, பழையதைப் போலவே அந்தத் தாங்கல் இல்லாத ஒரு நியூட்ரல் ஷூ வாங்கினார்.