வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குச் சம்பளச் செய்தி

"அடுத்த மாசத்திலிருந்து சம்பளம் கூட்டியிருக்கோம், இனி 5ஆம் தேதி தருவோம்" என்றுதான் முதலில் எழுதினேன். எவ்வளவு, எந்த மாத வேலைக்கு என்பதே அதில் இல்லை. மாற்றியது இது:

"அக்கா, ஜூன் மாச வேலையிலிருந்து உங்க சம்பளம் 4,000 இல்ல, 4,500 ரூபாய். அது ஜூலை 5ஆம் தேதி கைக்கு வரும். மே மாசச் சம்பளம் 4,000 எப்பவும்போல ஜூன் 1ஆம் தேதியே தந்துடுறேன். ஜூலை 1ஆம் தேதி வாடகைக்கு வேணும்னா சொல்லுங்க, 2,000 முன்னாடியே தரேன், மீதி 2,500 அஞ்சாம் தேதி. வேலை அதேதான்."

தேதி தள்ளிப்போகும் முதல் மாதம்தான் நெருக்கடி. அந்த 4 நாளில் வாடகையோ சீட்டுப் பணமோ வந்து நிற்கும். அதனால் முன்பணம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். படிக்கச் சிரமப்படுபவர் என்றால் இதையே வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள்.