‘மூச்சடைக்க வைக்கும்’ கோட்டை: சுற்றுலாக் கையேட்டைத் தமிழாக்குவது எப்படி?

புதிதாக மொழிபெயர்ப்பவர்களின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“சோழமண்டலத்தின் மாசுமறுவற்ற கரையில் கூடுகட்டி அமர்ந்திருக்கும், மூச்சடைக்க வைக்கும் மறைந்த ரத்தினமான ட்ராங்குபார், பாடும் அலைகளின் நிலம், தன் கம்பீரமான டேனிஷ் கோட்டையுடன் உங்களைக் காலத்தில் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது.”

சொல்ல வந்தது தரங்கம்பாடியைத்தான். அந்த ஊர்க்காரரிடம் வாசித்துக் காட்டினால், மூச்சடைப்புக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள் என்பார்.

படி 1: அடைமொழிகளைக் கோடிடுங்கள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன சோதனை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுக் கோவளம் என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தினால் அந்தச் சொல் ஊரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘மூச்சடைக்க வைக்கும்’ போய்விடும். ‘கூடுகட்டி’ என்பது ‘இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘மறைந்த ரத்தினம்’ மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது: அதிகம் பேர் வந்து போகாத ஊர் என்கிறார்கள். அது பயனுள்ள தகவல், வைத்துக்கொள்ளலாம்.

படி 2: அடைமொழிக்குப் பின்னால் இருக்கும் தகவலைத் தேடுங்கள்

கோட்டை ஏன் ‘கம்பீரம்’? 1620-ல் டேனியர் கட்டியது, கடலைப் பார்த்து நிற்கிறது. அதைச் சொன்னால் போதும், கம்பீரத்தை வாசகரே உணர்ந்துகொள்வார். ஆனால் மூலத்தில் இல்லாத ஆண்டை நீங்களாகச் சேர்க்காதீர்கள். முதலில் கையேட்டின் மற்ற பக்கங்களில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் வாடிக்கையாளரிடம் கேளுங்கள்.

‘பாடும் அலைகளின் நிலம்’ வேறு வகைப் பொறி. ஊர்ப் பெயரின் பொருளைத்தான் ஆங்கிலத்தில் அப்படி எழுதியிருக்கிறார்கள். தரங்கம் என்றால் அலை. அதைத் திரும்பவும் தமிழாக்கினால், தமிழருக்கே தமிழ்ப் பெயரை விளக்குவதாக ஆகிவிடும். ‘தரங்கம்பாடி’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

படி 3: வாக்கியத்தை உடையுங்கள்

தமிழில் அடைமொழி எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். நான்கைந்தை அடுக்கினால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். ஊரை முதலில் சொல்லிவிட்டு, மீதியை வினைச்சொற்களிடம் கொடுங்கள். மாவட்டமும் ஆண்டுகளும் கையேட்டின் மற்ற பக்கங்களில் கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம்:

“மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது தரங்கம்பாடி. 1620-ல் டேனியர் கட்டிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதிகம் பேர் வந்து போகாத, அமைதியான ஊர்.”

‘அமைதியான’ என்ற ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். பத்திக்கு ஒரு அடைமொழி இருந்தால் உறுத்தாது.

சில வாடிக்கையாளர்கள், “ஆங்கிலத்தில் ஏழு அடைமொழி இருக்கிறதே, தமிழில் எங்கே?” என்று எண்ணிப் பார்த்துக் கேட்பார்கள். அப்போது விளக்கம் சொல்வதைவிட, இரண்டு வடிவத்தையும் அவர்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கும் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்வது எளிது. முதல் வடிவத்தில், ‘ரத்தினமான’ வரும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.