வலையுருவரையத்துக்கு அடர்த்தி, இடைக்கு மீடிறன்: இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்

கொழுந்து மடுவத்தில் ஒரு நாள் 50 பேர் பறித்த கொழுந்தை நிறுத்து, இப்படிக் குறித்ததாக வைத்துக்கொள்வோம். 12 கிலோ சரியாக வந்தால் அது 12–16 வகுப்பில் சேரும். மற்ற எல்லைகளும் அப்படியே.

| கிலோ | பேர் (மீடிறன்) | பருமன் | அடர்த்தி |
|---|---|---|---|
| 8–12 | 6 | 4 | 1.5 |
| 12–16 | 12 | 4 | 3 |
| 16–18 | 10 | 2 | 5 |
| 18–20 | 8 | 2 | 4 |
| 20–28 | 14 | 8 | 1.75 |

மீடிறனையே நிரலின் உயரமாக வைத்து வரைவதுதான் முதல் தவறு. அப்போது 20–28 நிரல் எல்லாவற்றையும் விட உயர்ந்து, அகலமாகவும் நின்று, பெரும்பாலானோர் 20 கிலோவுக்கு மேல் பறித்ததுபோலக் காட்டும். உண்மையில் அந்த 14 பேரும் 8 கிலோ அகலத்தில் பரவிக் கிடக்கிறார்கள். வலையுருவரையத்தில் ஆட்களைக் காட்டுவது பரப்பளவு. அதனால் மீடிறனை வகுப்பின் பருமனால் வகுத்து வரும் அடர்த்தியே உயரம். அப்படி வரைந்தால் உச்சி 16–18க்கு வரும். ஆகார வகுப்பும் அதுவே.

வகுப்பில் பலரும் பழகியது இன்னொரு வழி: மிகச் சிறிய பருமனை (இங்கே 2) ஓர் அலகாகக் கொள்வது. அப்போது உயரங்கள் 3, 6, 10, 8, 3.5 என வரும். வடிவம் மாறாது, ஆனால் நிலைக்குத்து அச்சின் பொருள் மாறிவிடும்: "2 கிலோவுக்கு எத்தனை பேர்" என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், படத்திலிருந்து மீடிறனைத் திருப்பி எடுப்பவர் 3.5 × 8 = 28 என்று இரு மடங்காக எடுத்துவிடுவார். சரியானது 3.5 × 4 = 14, ஏனெனில் 8 கிலோவில் நான்கு அலகுகள் உண்டு.

இடை காணும்போது தவறு எதிர்ப்பக்கமாக நடக்கும். அடர்த்தி நிரலைப் போட்டுப் பழகிய கை, நடுப்பெறுமானத்தையும் அடர்த்தியாலேயே பெருக்கிவிடும். நடுப்பெறுமானங்கள் 10, 14, 17, 19, 24. மீடிறனால் பெருக்கினால் 60 + 168 + 170 + 152 + 336 = 886; 50 ஆல் வகுக்க 17.72 கிலோ. அடர்த்தியால் பெருக்கினால் 260 ÷ 15.25, அதாவது ஏறத்தாழ 17.05. இரண்டும் கிட்டக்கிட்ட இருப்பதால் பிழை கண்ணில் படாது.

எடுகொண்ட இடை முறையில் 17ஐ எடுத்தால் விலகல்கள் −7, −3, 0, 2, 7. சம பருமன் கணக்கில் பழகியதுபோல −2, −1, 0, 1, 2 என்று போட இங்கே இடமில்லை, நடுப்பெறுமானங்களுக்கிடையே ஒரே இடைவெளி இல்லையே. கூட்டுத்தொகை −42 − 36 + 0 + 16 + 98 = 36; 36 ÷ 50 = 0.72, மறுபடி 17.72.

வகுக்கும் எண்ணை எழுதியதும் ஒருமுறை பாருங்கள். அது 50 ஆக இருக்க வேண்டும். 15.25 என்று நின்றால் அடர்த்தி நிரல் உள்ளே புகுந்துவிட்டது. கால் ஆள் கொழுந்து பறிக்க வரமாட்டார்.