தேங்காய்ப்பால் பாக்கெட்டை வாசிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

செம்பூரில் இருக்கும் என் அத்தை திருநெல்வேலிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சொதி வைக்க, கடையில் இரண்டு தேங்காய்ப்பால் பாக்கெட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றில் ஸ்டெபிலைசர், எமல்சிஃபையர் என்று எழுதி எண்களும் இருந்தன. அதைத் திரும்ப வைத்துவிட்டு, முன்பக்கம் பெரிதாக ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்கவில்லை’ என்று போட்டிருந்ததை வாங்கி வந்தார். பாதியைச் சொதியில் ஊற்றி, மீதியை வாயை மடித்துச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டார். மே மாத மும்பை. மறுநாள் காலையில் திறந்தால் புளித்த நாற்றம். “பிரிசர்வேட்டிவ் இல்லாததாப் பார்த்துத்தானே வாங்கினேன், அது எப்படிக் கெட்டுச்சு?” என்று என்னிடம் கேட்டார்.

அத்தை கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பிரிசர்வேட்டிவ் இல்லாததால்தான் கெட்டது. ஆனால் இந்தக் குழப்பம் அத்தைக்கு மட்டும் உரியதல்ல. பாக்கெட்டின் பின்னால் ஆங்கிலமோ தேவநாகரி எழுத்தில் இந்தியோ இருந்தால் சட்டப்படி போதும். அதனால் தமிழில் வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொற்கள் எல்லாமே ஒரே ‘கெமிக்கல்’ மூட்டையாகத் தெரிகின்றன. முதல் தவறு இதுதான். எமல்சிஃபையர், ஸ்டெபிலைசர், பிரிசர்வேட்டிவ் மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளின் பெயர்கள்.

வீட்டில் பிழிந்த முதல் பாலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அரைமணி நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். மேலே கெட்டியாக ஏடு, கீழே மங்கலான தண்ணீர் என்று பிரிய ஆரம்பித்திருக்கும். தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள்தான். ஒவ்வொரு துளியையும் தேங்காயின் புரதம் மெல்லிய போர்வை போலச் சுற்றியிருக்கிறது. கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் சுருண்டு, போர்வை கிழிந்து, பால் திரிந்துபோகிறது. சொதியில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடும்போதே அடுப்பை அணைப்பது இதனால்தான்.

எமல்சிஃபையர் இந்தப் போர்வைக்கு உதவிக்கு வரும் ஆள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அதனால் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நிற்கும். தேங்காய்ப்பால் பாக்கெட்டில் இது பெரும்பாலும் 435 என்ற எண்ணோடு வரும். தமிழில் ‘பால்மமாக்கி’ என்பார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாத பொருள் என்று புரிந்துகொண்டால் போதும்.

ஸ்டெபிலைசர் வேறு வழியில் வேலை செய்கிறது. அது தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கும். தண்ணீர் கெட்டியானால் எண்ணெய்த் துளி மேலே ஏற நேரமாகும், அவ்வளவுதான். 412 என்று இருந்தால் அது குவார் கம், அதாவது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. 407 கேரஜீனன், கடல்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரக் கடலோரத்தில் வளர்க்கிறார்களே, அந்தப் பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். எண்ணைப் பார்த்தவுடன் பயப்படுவதற்கு முன் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது. எண் என்பது ஒரு பொருளுக்கு உலக அளவில் கொடுத்த அடையாளம்தான். வைட்டமின் சி-க்கும் 300 என்று ஓர் எண் உண்டு.

இந்த இரண்டும் கிருமியைத் தடுக்க வந்தவை அல்ல. இவை இருக்கும் பாலும் திறந்தபின் கெடும், இல்லாத பாலும் கெடும். கிருமியைத் தடுப்பது பிரிசர்வேட்டிவின் வேலை.

அப்படியானால் பிரிசர்வேட்டிவ் இல்லாத பாக்கெட் கடை அலமாரியில் மாதக்கணக்கில் எப்படி இருக்கிறது? காகித அட்டைப் பெட்டியில் வரும் பாலைச் சில நொடிகள் சுமார் 140 டிகிரி வரை சூடாக்கி, கிருமியில்லாத பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அந்த மூடிய பெட்டிதான் அதற்குக் காவல். கத்தரியால் மூலையை வெட்டிய நொடியிலிருந்து அது வீட்டில் பிழிந்த பாலைப் போலத்தான். ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்ற வாசகத்தை ‘நல்லது’ என்று மட்டும் வாசிப்பது இரண்டாவது தவறு. ‘திறந்ததும் ஃப்ரிட்ஜில் வை, ஓரிரு நாளில் தீர்த்துவிடு’ என்பதும் அதற்குள் இருக்கிறது. திறக்கும் முன்பே பெட்டி உப்பியிருந்தால் உள்ளே கிருமி வேலை செய்து வாயு சேர்ந்திருக்கலாம். சுவைத்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

இஞ்சி பூண்டு விழுது பாட்டிலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். அதில் பெரும்பாலும் அமிலத்தோடு 211-ஐயும் சேர்த்திருப்பார்கள். 211 என்பது சோடியம் பென்சோயேட், பிரிசர்வேட்டிவ். புளிப்பு இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்; அதனால்தான் கூடவே அமிலம். தேங்காய்ப்பாலில் அந்தப் புளிப்பு கிடையாது. ஒன்று வெளியே தாங்கியது என்று மற்றதையும் வெளியே வைக்க முடியாது.

மூன்றாவது தவறு கொஞ்சம் கவலைக்குரியது. எல்லா எண்களையும் ஒரே மாதிரி வெறுக்கும்போது, சிலர் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய எண் கண்ணில் படாமல் போகிறது. தேங்காய் வெள்ளையாகவே இருக்க, சில டின் தேங்காய்ப்பாலிலும் உலர்ந்த தேங்காய்த் துருவலிலும் 223 அல்லது 224 சேர்ப்பார்கள். இவை சல்ஃபைட் வகை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இதனால் இழுப்பு வரலாம். ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்ஃபைட் இருந்தால் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். பொருட்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் ‘கண்டெய்ன்ஸ்’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் முதலில் வாசிக்க வேண்டியது அந்த வரியைத்தான். தேங்காய்ப்பால் பவுடர் வாங்கும்போதும் அதைப் பாருங்கள். எண்ணெயைப் பிடித்து வைக்கப் பல பவுடர்களில் பசும்பாலின் புரதம் கலந்திருக்கும். பால் ஒவ்வாத குழந்தைக்குத் தேங்காய்தானே என்று கொடுத்துவிடக் கூடாது.

இன்னொன்று, எண்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது பட்டியலின் முதல் சொல்லை விட்டுவிடுகிறோம். எடையில் அதிகமான பொருள்தான் முதலில் வரும். தண்ணீர் முதலிலும் தேங்காய்ச் சாறு இரண்டாவதாகவும் இருந்தால் நீங்கள் வாங்குவது கிட்டத்தட்ட இரண்டாம் பால். சொதியின் கடைசியில் ஊற்ற அது ஆகாது. பக்கத்தில் சதவீதம் போட்டிருந்தால் இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அதுவே போதும்.

அத்தை இப்போது மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறார். போன வாரம் மறுபடி போன் வந்தது: ஸ்டெபிலைசர் இல்லாத பால், உருகியதும் திட்டுத் திட்டாகத் தண்ணீர் விட்டு நிற்கிறது, கெட்டுவிட்டதா என்று. உறையும்போது எண்ணெய்த் துளிகளின் போர்வை கிழிந்துவிடும், அதனால் பிரிந்து நிற்பது இயல்பு. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். புளிப்பு வாடை இல்லை, கொழகொழப்பும் இல்லை என்றார். இளஞ்சூட்டில் கரண்டியால் அடித்துக் கலக்கியதும் ஓரளவு சேர்ந்துகொண்டது.