ஒன்பது புகார், நான்கு பழுது, இரண்டு பயணம்: மின்தடைப் புகார்களைச் சேர்த்து அனுப்புவது எப்படி?

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த ஒரு மாலை. பிரிவு அலுவலகத்தில் அரை மணி நேரத்துக்குள் ஒன்பது புகார்கள். சில நேரடி போன், சில மின்னகம் (94987 94987) வழியாக வந்தவை. இரவுப் பணியில் ஒரே ஒரு குழு: ஒரு லைன்மேன், ஒரு ஒயர்மேன், ஒரு உதவியாளர், ஏணி கட்டிய ஒரு வண்டி. புகார் வந்த வரிசையிலேயே ஓடினால் ஒரே தெருவுக்கு மூன்று தடவை போய்வர வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கப் புகார்களை எப்படிக் கட்டுக் கட்டாகப் பிரிப்பது என்பதை இந்த ஒன்பதையே வைத்துப் பார்ப்போம். ஒரு நோட்டுப் புத்தகமே போதும். கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்களுக்காகக் கடைசியில் சிறு நிரலும் உண்டு.

படி 1: முதலில் டிரான்ஸ்பார்மர், அப்புறம்தான் தூரம்

புதிதாகச் செய்பவர்கள் எடுத்த எடுப்பில் வரைபடத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளை வட்டம் போடுவார்கள். அது தப்பு. எதிரெதிர் வீடுகள்கூட வெவ்வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கலாம். ஒரே டிரான்ஸ்பார்மரின் இரண்டு கோடிகள் அரை கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

எந்த டிரான்ஸ்பார்மர் என்று மின் இணைப்பு எண்ணிலிருந்தே ஓரளவு தெரியும். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு, அதற்கடுத்த மூன்று பகிர்மானம், மீதி வீட்டின் இணைப்பு எண். பல இடங்களில் ஒரு பகிர்மானம் என்பது ஒரு டிரான்ஸ்பார்மர்தான். ஆனால் லோடு அதிகமாகிப் புதிதாக ஒன்று வைத்துப் பாதித் தெருவை அதற்கு மாற்றியிருந்தால், இணைப்பு எண் பழையதாகவே இருக்கும். அதனால் "உங்க வீட்டுக்கு ஒயர் வர்ற கம்பத்துல என்ன நம்பர் எழுதியிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: புகார்களைப் பழுதுகளாகச் சுருக்குங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புகார் சொல்பவர் "கரன்ட் இல்ல" என்று ஆரம்பித்தாலும், அடுத்த இரண்டு கேள்வியில் பழுதின் முகம் தெரிந்துவிடும்.

டிரான்ஸ்பார்மர் 7-இலிருந்து மூன்று புகார்கள். இரண்டு பேர் "லைட் மங்கலா எரியுது" என்றார்கள். மூன்றாமவர் மோட்டார் ஓடாமல் உறுமுகிறது என்றார். அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் வேறொரு வீட்டுக்கு நாமே போன் செய்து கேட்டால், அங்கே ஒன்றும் பிரச்சினை இல்லை. 11 கே.வி. பக்கத்தில் ஒரு ஹெச்.ஜி. பியூஸ் மட்டும் போனால் இப்படித்தான் இருக்கும்: ஒரு பேஸ் சரியாக வரும், மற்ற இரண்டிலும் வோல்டேஜ் பாதியாகிவிடும். ஆக மூன்று புகார், ஒரு பழுது.

டிரான்ஸ்பார்மர் 9-இலிருந்து இரண்டு. ஒரு வீட்டில் பேன் பேயாய்ச் சுற்றுகிறது, டிவி புகைந்துவிட்டது. அடுத்த வீட்டில் பல்பு மினுக் மினுக். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அழைத்தவரிடம் உடனே மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, இதைப் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

டிரான்ஸ்பார்மர் 3-இல் இரண்டு பேருக்கு முழு இருட்டு, பக்கத்து வீடுகளில் சில எரிகின்றன. எல்.டி. பக்கம் ஒரு பேஸ் பியூஸ் போயிருக்கலாம். டிரான்ஸ்பார்மர் 12-இல் ஒரே வீடு. சர்வீஸ் ஒயர் கம்பத்தில் சேரும் இடம் தளர்ந்திருக்கும்.

ஒன்பதாவது புகாரும் ஒற்றை வீடுதான். "மெயின் போர்டுல ஏதாவது சுவிட்ச் கீழ விழுந்திருக்கா பாருங்க" என்றதும், தூக்கிவிட்டார், எரிந்தது. அது போனிலேயே முடிந்தது. ஒற்றை வீட்டுப் புகார் வந்தால் வண்டி எடுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

ஒன்பது புகார் இப்போது நான்கு பழுது.

படி 3: காத்திருக்கக் கூடாததைப் பிரித்து வையுங்கள்

கம்பி அறுந்து தரையில் கிடக்கிறது, கம்பத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் அது எந்தக் கட்டிலும் சேராது. துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு அந்தப் பீடரை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழுவை நேராக அங்கே அனுப்ப வேண்டியதுதான். மற்றவற்றுக்கு நான் 15 நிமிடம் வரை காத்திருந்து சேர்ப்பேன். அதற்குமேல் "இன்னும் ஒன்று வரட்டும்" என்று உட்கார்ந்திருந்தால் மிச்சம் பிடிக்கும் பெட்ரோலைவிட வாங்கும் திட்டு அதிகம்.

படி 4: இப்போது தூரம் பாருங்கள்

அலைபேசி வரைபடத்தில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் மூன்றாம் தசம இடத்தில் 1 கூடினால், நம் ஊர்ப் பக்கம் ஏறத்தாழ 110 மீட்டர். ஒரு பழுதை நடுவாக வைத்து, அதிலிருந்து 800 மீட்டருக்குள் இருப்பதைச் சேர்ப்பதுதான் என் கணக்கு. நகரத்தில் இதைக் குறைக்கலாம், கிராமத்தில் கூட்டத்தான் வேண்டும்.

தூரத்தை எப்போதும் அந்த நடுப் பழுதிலிருந்தே அளக்க வேண்டும். இதற்குப் பக்கம் அது, அதற்குப் பக்கம் இது என்று சங்கிலியாகக் கோத்தால், ஐந்தாவது பழுதைச் சேர்க்கும்போது மூன்று கிலோமீட்டர் தாண்டியிருப்பீர்கள்.

நம் நான்கில் 9-க்கும் 7-க்கும் இடையே 550 மீட்டர். 9-க்கும் 12-க்கும் 300 மீட்டர்தான். அப்படியானால் 9-உம் 12-உம் ஒரே பயணமா? இல்லை. நடுவில் ரயில் பாதை. கேட் வழியாகச் சுற்றினால் இரண்டரை கிலோமீட்டர். வரைபடத்தில் நேர்கோடு போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் பாதைக்குக் கிழக்கா மேற்கா என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு, வாய்க்கால், நான்குவழிச் சாலைக்கும் இதே கதைதான்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def km(a, b):
    dx = (a["lon"] - b["lon"]) * 109
    dy = (a["lat"] - b["lat"]) * 111
    return (dx*dx + dy*dy) ** 0.5

faults.sort(key=lambda f: (f["rank"], f["time"]))
trips = []
for f in faults:
    for t in trips:
        if f["side"] == t[0]["side"] and km(f, t[0]) <= 0.8:
            t.append(f)
            break
    else:
        trips.append([f])
```

`rank` என்பது அவசரம்: நியூட்ரலுக்கு 0, பல வீடுகளுக்கு 1, ஒற்றை வீட்டுக்கு 2. `side` என்பது பாதைக்கு எந்தப் பக்கம். `t[0]`தான் நடுப் பழுது. வரிசைப்படுத்திவிட்டுச் சேர்ப்பதால் அவசரமானதே நடுவாக அமைந்துவிடும். நமக்குக் கிடைப்பது: முதல் பயணம் 9, 7. இரண்டாவது, பாதைக்கு அந்தப் பக்கம் கிட்டக் கிட்ட இருக்கும் 3, 12.

படி 5: லைன் கிளியரையும் கணக்கில் எடுங்கள்

7-இல் ஹெச்.ஜி. பியூஸ் போட ஏ.பி. சுவிட்சைத் திறந்து, எர்த் ராடு மாட்டிய பிறகே ஏற வேண்டும். எப்படியும் அந்த டிரான்ஸ்பார்மர் முழுக்க இருட்டாகப் போகிறது. அப்படியானால் நிலுவைப் பட்டியலில் 7-இன் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டுங்கள். எங்களுக்கு இருந்தது: எல்.டி. கம்பியில் உரசும் முருங்கைக் கிளை, இரண்டு நாள் பழைய புகார். இன்னொரு நாள் இதற்கென்றே மின்சாரத்தை நிறுத்துவதைவிட, இப்போதே அரிவாளை வண்டியில் போட்டுவிடலாம். தூரத்தை வைத்து மட்டும் சேர்க்கிற யாருக்கும் இந்த மிச்சம் கண்ணில் படாது.

குழுவுக்குச் சொல்லும்போது பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 9-க்கு நியூட்ரல் கம்பித் துண்டு, 7-க்குப் பியூஸ் கம்பி, அரிவாள். ஒரு பொருளை மறந்து திரும்பி வந்தால் சேர்த்ததே வீண்.

படி 6: முடித்து வைக்கும் முன்

7-இல் வேலை முடிந்தது என்று லைன்மேன் சொன்னதும் மூன்று புகாரையும் ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். மூன்று பேருக்கும் போன் செய்யுங்கள். அன்று இருவருக்கு எரிந்தது. மோட்டார்க்காரருக்கு ஒரு பேஸ் மட்டும் இன்னும் வரவில்லை. காற்றில் அவர் வீட்டுச் சர்வீஸ் ஒயரும் தளர்ந்திருக்கிறது, பெரிய பழுதுக்குள் அது மறைந்திருந்தது. குழு இன்னும் 7-இன் அடியிலேயே ஏணியைக் கட்டிக்கொண்டு இருந்ததால் ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டு, அப்புறம்தான் ரயில்வே கேட் பக்கம் வண்டியைத் திருப்பினார்கள்.