சிவப்பு சாட்டினைப் பச்சையாக்கும்போது நேரும் தவறுகள்

ஆல்பம் வடிவமைப்பில் எனக்கு அடிக்கடி வரும் வேலை இது. கடைக்காரரிடம் ஒரே மாதிரி கவுன் நான்கு நிறங்களில் இருக்கும். படம் எடுத்ததோ சிவப்பை மட்டும். மற்ற மூன்றையும் ஃபோட்டோஷாப்பில் மாற்றித் தரவேண்டும். பருத்தித் துணி என்றால் பத்து நிமிட வேலை. சாட்டினும் சமிக்கியும் என்றால் ஒரு மாலைப் பொழுதே போய்விடும். அண்மையில் செய்த ஒரு கவுனை வைத்தே சொல்கிறேன்: கீழே சிவப்பு சாட்டின், மார்புப் பகுதியில் அதே சிவப்பில் சமிக்கி வேலை, மேலே மஞ்சள் பல்பு வெளிச்சம். கேட்ட நிறம் பாட்டில் பச்சை.

எல்லோரும் முதலில் செய்வது Hue/Saturation அடுக்கைப் போட்டு Hue-வை நகர்த்துவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். துணியின் நடுப்பகுதி RGB அளவில் 150, 20, 35 என்று இருந்தது. +157 நகர்த்தியதும் 20, 150, 85 ஆயிற்று. பச்சை வந்துவிட்டது. ஆனால் மடிப்புகளின் மேல் ஓடும் ஒளிப்பட்டைகளைப் பாருங்கள். அவை முன்பு 248, 232, 224, அதாவது பல்பின் இளமஞ்சள் கலந்த வெள்ளை. இப்போது 224, 248, 247. பனிக்கட்டி போல நீலம் பாரித்துவிட்டன. முகத்திலும் சுவரிலும் மஞ்சள் வெளிச்சம், கவுனில் மட்டும் நீல வெளிச்சம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஏதோ ஒட்டாமல் நிற்கிறது என்று மட்டும் தோன்றும்.

சாட்டினில் நாம் காண்பது இரண்டு வெளிச்சங்கள். ஒன்று, இழைக்குள் புகுந்து சாயத்தில் பட்டு வெளியே வருவது; அது துணியின் நிறம். மற்றொன்று, வழவழப்பான மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்புவது; அது விளக்கின் நிறம். சாயத்தை மாற்றினால் முதலாவது மாறும். இரண்டாவது அப்படியே இருக்கும். Colorize-ஐ டிக் செய்வதும், ஒரு Solid Color அடுக்கை Multiply-இல் போடுவதும் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. Multiply-இல் தூய வெள்ளைகூட முழுப் பச்சையாகிவிடும். துணி சாட்டினாக இருக்காது, பச்சை பிளாஸ்டிக் வாளியாக இருக்கும்.

இது தெரிந்தவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள். ஒளிப்பட்டையை மாஸ்க்கில் அழித்து, பழைய படம் தெரியும்படி விட்டுவிடுகிறார்கள். பட்டையின் நடு சரியாக இருக்கும், ஓரம்தான் காட்டிக்கொடுக்கும். அங்கே பாதி விளக்கு, பாதி சிவப்புச் சாயம். பழைய படத்தைத் திறந்துவிட்டால் அந்தச் சிவப்பும் கூடவே வந்து, பச்சையோடு கலந்து, ஒவ்வொரு மடிப்பையும் சுற்றி அழுக்கு ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஓடும். அச்சில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆகவே எதையும் அழிக்காமல், துணி முழுவதையும் பச்சையாக்கிவிட்டு, அதன் மேல் விளக்கின் நிறத்தைத் திருப்பி வைப்பதே நல்லது. அதற்கு ஒளிப்பட்டை மட்டும் அடங்கிய மாஸ்க் வேண்டும். அது படத்துக்குள்ளேயே இருக்கிறது. Channels பலகத்தில் Red-ஐப் பார்த்தால் துணி 150, பட்டை 248, இரண்டும் வெளிச்சம்தான். Green-இல் துணி 20, பட்டை 232. சிவப்புச் சாயம் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால், அங்கே தெரிவது பெரும்பாலும் மேற்பரப்புத் தெறிப்பு மட்டுமே. Blue-வும் இப்படித்தான் இருக்கும், ஆனால் பல்பு வெளிச்சத்தில் அதில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் அதிகம். எந்த அடுக்கையும் சேர்ப்பதற்கு முன்பே Green-ஐ நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்தால் மாறிய படத்தின் சேனல்தான் கிடைக்கும். நகலில் Levels-ஐத் திறந்து, கறுப்பு முனையை 60 வரை இழுத்தேன். துணியின் உடல் கறுப்பாகி, பட்டைகள் மட்டும் மென்மையான ஓரத்தோடு நின்றன.

பிறகு மூன்று அடுக்குகள். கீழே, துணி முழுவதற்கும் +157. நடுவில் Curves, அதைப் பற்றிப் பிறகு. மேலே ஒரு Solid Color. பட்டையிலிருந்து எடுத்த 248, 232, 224, கலப்பு முறை Color, மாஸ்க் மேலே செய்த Green நகல். கவுனுக்கு வெளியே கசியாதபடி துணியின் மாஸ்க்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். Color முறை வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றுவதால், பட்டையின் நடுவில் மஞ்சள் திரும்பும். ஓரத்தில் பச்சையும் மஞ்சளும் இயல்பாகக் கலக்கும். சிவப்பு எங்கும் இருக்காது.

Curves எதற்கு? Hue-வை நகர்த்தும்போது கணக்கில் வெளிச்சம் மாறுவதில்லை, கண்ணுக்கு மாறிவிடுகிறது. அந்தச் சிவப்பைக் கறுப்பு வெள்ளையாக்கினால் சுமார் 61 வரும். அந்தப் பச்சைக்கு 104. துணி வெளுத்துப்போய், பட்டைகள் மங்கியதாகத் தெரியும். நிறத்தில்தான் கோளாறு என்று நினைத்து Saturation-ஐ ஏற்றுகிறவர்கள் உண்டு. ஏற்ற வேண்டியது அதுவல்ல, இறக்க வேண்டியது வெளிச்சம். வளைகோட்டில் 150-ஐ 95 அளவுக்கு இறக்கி, 220-ஐ அதே இடத்தில் ஒரு புள்ளியால் கட்டிவிட்டேன். ஆழ்ந்த நிறத் துணியில் பட்டை எடுப்பாகத் தெரிவதும், வெளிர் நிறத் துணியில் அது கரைந்துவிடுவதும் இயற்கை. இதே கவுனை எலுமிச்சை மஞ்சளாக்கினால் துணியைத்தான் உயர்த்த வேண்டும். பட்டை கிட்டத்தட்ட காணாமல் போவதைத் தடுக்கக் கூடாது. வளைகோடு செங்குத்தாகும் இடத்தில் படிப்படியாகக் கோடு விழாமலிருக்க, தொடக்கத்திலேயே 16 Bits/Channel-க்கு மாறிக்கொள்வது நல்லது. JPEG படம் என்றால் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

சமிக்கியில் இந்த விதி அப்படியே செல்லாது. உலோகப் பூச்சுள்ள சமிக்கி நிறக் கண்ணாடி போன்றது; பூச்சில் பட்டுத் திரும்பும் ஒளி நிறத்தோடே வரும். வெறும் பிளாஸ்டிக் சமிக்கி சாட்டினைப் போல வெள்ளையாகத் தெறிக்கும். எது என்று அறிய 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வெளுத்த பொறியை அடுத்துள்ள வளையத்தைப் பாருங்கள். அங்கே நிறம் அழுத்தமாக இருந்தால் உலோகப் பூச்சு. இந்தக் கவுனில் அப்படித்தான் இருந்தது. அதனால் மார்புப் பகுதிக்கு இளமஞ்சள் அடுக்கைத் தனியாக வைத்து, மாஸ்க்குக்குப் பதில் Blend If-இல் Underlying Layer-இன் கறுப்பு முனையை Alt அழுத்திப் பிரித்து 225, 250 என்று வைத்தேன். ஏறக்குறைய வெள்ளையாக வெளுத்த பொறிகள் மட்டும் விளக்கின் நிறம் பெற்றன. வளையங்கள் பச்சையாகவே இருந்தன.

பொறிகளைச் சுற்றி லென்ஸ் உண்டாக்கும் ஊதா விளிம்பையும் மறக்கக் கூடாது. முதலிலேயே Camera Raw-இல் Defringe கொடுத்து நீக்காவிட்டால், +157 அதையும் சுழற்றி வேறொரு நிறக் கோடாக்கிவிடும். இன்னொன்று: கழுத்தை ஒட்டிய சில சமிக்கிகளில் ஆரத்தின் தங்க நிறம் பிரதிபலித்திருந்தது. அது துணியின் நிறமே அல்ல. சிறிய தூரிகையால் பத்துப் பன்னிரண்டு சமிக்கிகளை மட்டும் மாஸ்க்கிலிருந்து விடுவித்தேன். அந்தச் சில தங்கப் புள்ளிகள் வந்த பிறகுதான் அது தைத்த துணியாகத் தெரிந்தது.

முகவாயின் அடியிலும் கையின் உட்புறத்திலும் சிவப்புத் துணியின் சாயல் தங்கியிருக்கும். நெற்றியின் தோல் நிறத்தை எடுத்து, Color முறையில் 30 சதவீதம் அளவுக்கு மெல்லத் தடவினால் போதும்.

அனுப்புவதற்கு முன், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Hue/Saturation அடுக்கு வைத்து Saturation-ஐ +100 ஆக்கிப் பார்க்கிறேன். எஞ்சிய சிவப்புக் கோடுகள் தாமாகவே கத்தும். சரிசெய்துவிட்டு அந்த அடுக்கை நீக்கிவிடலாம்.

திரும்பும் பக்கமெல்லாம் வானவில் காட்டும் ஹோலோகிராம் சமிக்கிக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அதில் மாற்றுவதற்கென்று ஒரு நிறமே கிடையாது. அந்தத் துணியை மறுபடி படம் எடுக்கச் சொல்லிவிடுவேன்.